அவள் காலையில் என்ன சாப்பிட்டாள்?

கன்னிவாடியில் வெயில் சட்டென்று இறங்கிவிடும். ஊருக்கு முதுகு கொடுத்து நிற்கும் பழனி மலைத்தொடர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். தருமத்துப்பட்டி வழியாக ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் ஏறும் கடைசிப் பேருந்தின் விளக்கு, வளைவுகளில் தெரிந்து தெரிந்து மறையும். அந்த நேரத்தில்தான் ஒரு நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்துக்காட்டுவோம்.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தை வாசித்தார். முருங்கைத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பெண்ணின் உடல். கிணற்றைச் சுற்றிக் கூட்டம். செம்பட்டிப் பக்கமிருந்து வரும் காவல் ஆய்வாளர் ஜீப்பை விட்டு இறங்குகிறார். ‘சுமார் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்’ என்று ஏட்டு எழுதத் தொடங்குகிறார். நடை சுத்தமாக இருந்தது. கயிறு கட்டி உடலைத் தூக்கும் முறை, படியில் சிந்திய தண்ணீர், மோட்டார் கொட்டகையில் பாதி திறந்த கதவு எல்லாம் கண்ணில் நின்றன. நாங்கள் பாராட்டினோம்.

காபி டம்ளர்களை எடுக்க மேலே வந்த நண்பரின் தாயார் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது தாண்டியவர். அவர் கேட்டார்: “ஏம்மா டீச்சர், அந்தப் பொம்பள காலையில என்னத்தச் சாப்பிட்டுட்டுப் போனா?”

ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை. “அது கதைக்கு வேண்டியதில்லைங்கம்மா, பிரேதப் பரிசோதனையில வரும்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு இறங்கிப்போனார். அந்தக் கேள்வியோடு நான் பல மாதம் கழித்திருக்கிறேன். கொலைக்கதை எழுதுகிறவர்கள் யாரும் தங்களைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. செத்தவரைப் பற்றி நமக்கு இருக்கும் ஆர்வம் எப்போதும் செத்த நேரத்திலிருந்து தொடங்குகிறது.

சட்டமும் அப்படித்தான் தொடங்குகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று நெடுங்காலம் இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாகியிருக்கும் பிரேத விசாரணை, உள்ளூர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு, உடலில் என்ன காயம், எந்த ஆயுதத்தால் வந்திருக்கும், சாவுக்குக் காரணம் எதுவாகத் தோன்றுகிறது என்று எழுதச் சொல்கிறது. பார்வை மகஜர் இடத்தை எழுதும். அவள் கையிலிருந்த பொருள்கள் நீதிமன்றத்தில் சான்றுப் பொருள்களாகி எண் பெறும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, சட்டத்தின் வேலை அது. எழுத்தாளர் அதே படிவத்தை வாங்கி அதே வரிசையில் நிரப்பும்போதுதான் சிக்கல். அப்போது வாசகருக்கு முதலில் கிடைப்பது ஒரு பிணம். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, பிறர் வாய்வழியாக, ஒரு பெண். பிணமாகப் பார்த்துப் பழகிய ஒருத்தியை இருநூறு பக்கம் தாண்டி உயிரோடு காட்டினாலும் அவளுக்காக அழ முடிவதில்லை. யார் செய்தது என்ற கேள்வி அதற்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிடும்.

‘மதிக்கத்தக்க’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செய்தித்தாளும் காவல் நிலையமும் அதை ‘உத்தேசமான’ என்ற பொருளில் எழுதுகின்றன. தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்த இரண்டாவது பொருளில் அவளை எழுதுவது எப்படி என்பதுதான் என் விஷயம்.

இதை நம் மொழியில் செய்துகாட்டிய ஆள் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தைக் காப்பியம் என்றும் கற்பின் கதை என்றும் படித்துப் படித்து, அது ஒரு கொலை வழக்கின் கதை என்பதை நாம் மறந்துபோனோம். ஒரு நகை திருட்டுப் போகிறது. திருடியவனே இன்னொருவன் மேல் பழியைப் போடுகிறான். விசாரணை இல்லாமல் ஒருவன் கொல்லப்படுகிறான். பிறகு அவன் மனைவி அரசவையில் அந்த விசாரணையை நடத்தி, நகைக்குள் இருந்த பரலைச் சான்றாகக் காட்டி வெல்கிறாள். கொலை பதினாறாவது காதையில், வழக்கு இருபதாவது காதையில். கொலை நடக்கும் காதைக்குக் கொலைக்களக் காதை என்றே பெயர். தலைப்பிலேயே கொலையைச் சொல்லிவிட்டு, இளங்கோ நம்மை முதலில் எங்கே கூட்டிப்போகிறார் என்று பாருங்கள்: ஒரு சமையலறைக்கு.

மாதரி என்ற இடைக்குலப் பெண் தன் காவலுள்ள சின்ன வீட்டில் கோவலனையும் கண்ணகியையும் தங்கவைத்திருக்கிறாள். கோவலன் பகலில் மட்டும் உண்ணும் சமண நோன்பைக் கடைப்பிடிப்பவன் என்பதால் நேரத்தோடு சமைக்கப் பொருள்களைக் கொடுக்கிறாள். புதுப் பானைகள், பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால், நெய். கண்ணகி அரிவாள்மணையில் காய் நறுக்குகிறாள். பெரிய வணிகர் வீட்டுப் பெண். அந்த வேலையில் விரல் சிவக்கிறது. முகம் வேர்க்கிறது. புகையில் கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோல் வைத்து அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். கோவலன் பனையோலைத் தடுக்கில் உட்காருகிறான். அவன் காலைக் கழுவி, தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிடுகிறான். வெற்றிலை மடித்துத் தருகிறாள். மாதவி வீட்டில் கழிந்த அத்தனை காலத்துக்கும் பிறகு, இந்த இருவரும் தனியாக ஒரு வீட்டில் இருந்து, அவள் சமைத்து அவன் உண்பதை இந்தக் காப்பியத்தில் நாம் பார்ப்பது அந்த ஒரு வேளைதான்.

இதற்கு முந்தைய அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் கோவலனின் நல்ல செயல்களை எல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறான். மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரை மீட்டது, கீரிப்பிள்ளையைக் கொன்ற பாவத்தால் கணவன் கைவிட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்து வாழவைத்தது, பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதத்திடமிருந்து காக்கத் தன் உயிரையே தரத் துணிந்தது. பெரிய செயல்கள். ஆனால் என் வாசிப்பில், மாடலன் சொன்ன எதற்காகவும் நான் கோவலனுக்குக் கலங்கியதில்லை. அது சான்றிதழ். அதைக் கேட்டு மதிப்பு வருகிறது, துக்கம் வரவில்லை. அந்த வாழைக் குருத்துதான் என்னைக் கலங்கவைக்கிறது. நல்லவன் என்று சொல்லப்பட்டவனைக் காட்டிலும், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவன் நமக்கு நெருக்கமாகிவிடுகிறான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பேசுவது இன்னும் முக்கியம். தாய் தந்தையை நினைக்கிறான். வீணர்களோடு திரிந்ததையும் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாததையும் சொல்லி வருந்துகிறான். எழுந்து வா என்றதும் கேள்வி கேட்காமல் வந்துவிட்டாயே என்கிறான். கண்ணகியும் அன்றுதான் தன் மனக்குறையைச் சொல்கிறாள். மாமனும் மாமியும் வந்தபோது உள்ளே இருந்த நோவை மறைத்துச் சிரிப்பதுபோல் நடித்ததையும், அந்தச் சிரிப்பின் பொய்யை அவர்கள் கண்டு வருந்தியதையும் சொல்கிறாள். நீங்கள் செய்தது நல்ல ஒழுக்கம் அல்ல என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். கோவலன் குறையுள்ளவன், அந்தக் குறையை அடைக்க அன்று பகலில்தான் முதல் கல்லை எடுத்துவைத்திருக்கிறான். கையில் எடுத்த வேலை நடுவில் நிற்கும்போது கொல்லப்படுகிறான். முழுமையான மனிதன் செத்தால் ஒரு வாழ்க்கை முடிந்தது என்று சொல்லலாம். இவன் செத்தால் சரியாகியிருக்க வேண்டிய ஒன்று இனிச் சரியாகவே முடியாது.

பிறகு ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வழியில் ஒரு காளை எதிரே வருகிறது. இடையர் மரபில் அது கெட்ட சகுனம். வணிகக் குலத்தில் பிறந்த கோவலனுக்கு அது தெரியாது என்று இளங்கோ ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். பார்வைக் கோணம் என்று இன்று நாம் பேசுகிற நுட்பம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வாசகருக்கு ஆபத்து தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாததற்கு அசட்டுத்தனம் காரணம் அல்ல, அவன் பிறந்து வளர்ந்த வாழ்க்கை காரணம். கவிஞர் அந்த அறியாமைக்கு ஒரு நியாயமான காரணம் தந்துவிட்டார். ‘அதுதான் தன் கடைசிப் பயணம் என்று அவனுக்குத் தெரியாது’ என்று நம் தொடர்கதைகள் எழுதும் வாக்கியம் இதற்கு நேர் எதிரானது. அது அவன் பக்கத்தில் நிற்கும் வாசகரைப் பிடித்திழுத்து எழுத்தாளர் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது.

பொற்கொல்லன் வீட்டுக்குப் பக்கத்தில் கோவலன் காத்திருக்கும் நேரம் தொடங்கி இன்னொன்றும் நடக்கிறது. பேச்செல்லாம் கொலை செய்ய வந்தவர்களுடையது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறான் ஒரு காவலன். பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கிப் பாடம் நடத்துகிறான். இன்னொருவன் தன் வாளைப் பறித்த பழைய திருடனின் கதையைச் சொல்கிறான். கோவலன் பேசுவதாக அங்கே எதுவும் இல்லை. சற்று முன் வரை அவன் மனத்துக்குள் இருந்த நாம் இப்போது வெளியே தள்ளப்பட்டு, அவனைப் பற்றிய பொய்யை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான். சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அவன் வலியை விவரிக்கவே இல்லை.

சிலம்புக்கு வருகிறேன். இங்கேதான் நான் சொல்ல நினைக்கிற ஒன்று இருக்கிறது. வழக்கில் சான்றாகப்போவது ஒரு சிலம்பு. ஆனால் அது வழக்கு மன்றத்தில் நாம் முதன்முதலாகப் பார்க்கும் பொருள் அல்ல. ஒன்பதாவது காதையில், செல்வம் எல்லாம் தொலைத்து வெட்கத்தோடு வந்து நிற்கும் கணவனிடம், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணகி கொடுக்கிற பொருளாக அது வருகிறது. அப்போது அது மன்னிப்பு. பிறகு நடைவழி முழுக்கச் சுமந்து வந்த முதல். பிறகு கொலைக்குக் காரணம். கடைசியில்தான் சான்று. மாணிக்கப் பரல் தெறிக்கும்போது, வழக்கு நிரூபணமானதைக் காட்டிலும் அந்த மன்னிப்பு உடைந்ததுதான் நம்மைத் தாக்குகிறது. தடயமாகப்போகிற பொருளை அதன் சொந்தக்காரரின் கையில் வைத்து முதலில் வாசகருக்குக் காட்டிவிட வேண்டும். காவலர் கண்டெடுக்கும்போது வாசகர் அதை இரண்டாம் முறையாகப் பார்க்க வேண்டும்.

இதே காரியத்தை உலகின் வேறொரு மூலையில் ட்ரூமன் கபோட் செய்திருக்கிறார். 1959 நவம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966இல் வந்தது. கொலையாளிகளின் கார் ஊரை நோக்கி வந்துகொண்டிருக்க, பதினாறு வயது மகள் பக்கத்துச் சிறுமிக்குச் செர்ரிப் பை சுடக் கற்றுக்கொடுக்கிறாள். மகன் அக்காவின் கல்யாணத்துக்காகத் தான் செய்த மரப்பெட்டிக்கு மெருகு பூசுகிறான். கொலைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் கைக்கடிகாரம் ஒரு காலணியின் முனைக்குள் கிடைக்கிறது. அவள் விழித்திருந்தாள், சத்தம் கேட்டாள், திருடர்கள் என்று நினைத்து அதை ஒளித்தாள் என்று புலனாய்வாளர் அதிலிருந்து ஊகிக்கிறார். அவருக்கு அது காலக்கணக்கு. அவளோடு ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்துவிட்ட நமக்கு, அந்த இருட்டில் கடிகாரத்தைத் திணித்த விரல்கள் தெரிகின்றன.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) இன்னும் ஒரு படி கடுமையான முடிவை எடுக்கிறது. சாதி கடந்து மணந்த சரோஜாவும் குமரேசனும் வெயிலில் பேருந்தை விட்டு இறங்குவதில் தொடங்கி, நாம் பெரும்பாலும் சரோஜாவின் கண்ணாலேயே அந்த ஊரைப் பார்க்கிறோம். முட்புதருக்குள் அவள் ஒளிந்திருக்க, வெளியே நெருப்பு வைக்கப்படுகிற இடத்தில் நாவல் நின்றுவிடுகிறது. காவல் நிலையமோ விசாரணையோ அதற்குப் பின் வருவதில்லை. அந்த நூல் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது, விசாரணையை எழுதாமல் விட்டதே ஆசிரியரின் தீர்ப்பு என்று எனக்குப் படுகிறது. ஆனால் எங்கள் ஆசிரியைக்கு விசாரணை வேண்டும். அவர் எழுதுவது துப்பறியும் நாவல். அதில் துக்கத்துக்கு இடம் உண்டா என்பதுதான் அவர் கேள்வி.

அடுத்த கூட்டத்துக்கு அவர் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதி வந்தார். கிணற்றில் கிடந்தவளுக்குச் செல்லத்தாயி என்று பெயர் வைத்திருந்தார். கணவனை இழந்தவள், முருங்கை பறிக்கும் கூலி வேலை, தெருப் பெண்களிடம் மாதச் சீட்டு பிடிக்கிறாள். இந்த அத்தியாயத்தில் அவள் எல்லோருக்கும் உதவினாள். அநாதைப் பையனுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டினாள். கோபம் என்பதே அறியாதவள். நாங்கள் கேட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடலன் சொன்ன கோவலன்தான் இவளும்.

மூன்றாவது வடிவம் வேறு விதமாகத் தவறியது. அவளுடைய கடைசி நாளை எழுதினார். ஆனால் அன்று அவள் சந்தித்த ஐந்து பேரும் அவளோடு சண்டை போட்டவர்கள். நிலத்தில் கண் வைத்த கொழுந்தன் மகன், சீட்டுப் பணம் கட்டாத பெண், எடைபோடுவதில் ஏமாற்றும் வியாபாரி. இது துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு வரும் பெரிய ஆசை. பின்னால் சந்தேகப்பட வேண்டியவர்களை எல்லாம் முன்னாலேயே வரிசையாக நிறுத்திவிடுவது. அப்போது இறக்கப்போகிறவள் பிறர் தங்கள் காரணங்களைத் தொங்கவிடும் ஆணியாகிவிடுகிறாள். மாதரியும் ஐயையும் கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். அவர்கள் இல்லாமல் சதி நடக்கும், அவர்கள் இல்லாமல் அந்தச் சாப்பாடு நடக்காது. அவள் நாளில் பாதியாவது கொலைக்குத் தேவைப்படாத மனிதர்களுக்குப் போகட்டும் என்றேன்.

“பேசாம செத்தவளையே பேச வச்சிரட்டுமாண்ணே? கெணத்துக்குள்ள இருந்து” என்று கேட்டார். ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ (1998) அப்படித்தான் தொடங்குகிறது, கிணற்றின் அடியாழத்தில் கிடக்கும் ஓவியனின் பிணம் பேசுகிறது. பாமுக்கிடம் அது கைகூடியிருக்கிறது. ஆனால் செத்தபின் பேசுகிறவருக்குத் தான் செத்தது தெரியும். அந்தக் குரலில் முறையீடு வந்துவிடும், நாளைக்கு என்ற எண்ணம் வராது. எனக்கு வேண்டியிருந்தது நாளைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிற செல்லத்தாயி. அதனால், அவள் மறுநாளுக்கென்று செய்துவைத்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஆசிரியை யோசிக்கவே இல்லை. “இட்லிக்கு ஊறப்போட்டிருப்பா. மறுநா ஞாயித்துக்கெழமைல்ல, மக வருவா.”

நான்காவது வடிவம் அங்கிருந்துதான் பிறந்தது. சனிக்கிழமை பிற்பகல். செல்லத்தாயி இரண்டு படி அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போடுகிறாள். கிணற்றடிக்குப் போய்விட்டு வந்ததும் ஆட்டிவிடலாம் என்று கணக்கு. போன முறை மகளோடு ஒரு வார்த்தை தடித்துப்போனது, மருமகன் முன்னாலேயே. அதற்கு மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாது, இட்லி சுடத் தெரியும். அந்தப் பாத்திரம் விசாரணையில் மறுபடி வருகிறது. திங்கட்கிழமை ஆய்வாளர் வீட்டைத் திறக்கும்போது ஊறிய அரிசி நுரைத்துப் புளித்த வாடை அடிக்கிறது. சனிக்கிழமை மாலைக்கு மேல் அவள் வீடு திரும்பவில்லை என்று அவர் சரியாகக் கணிக்கிறார். வாசித்துக்காட்டியபோது அந்த இடத்தில் மாடியில் யாரும் பேசவில்லை.

அதைவிட நல்ல பொருள் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. முதல் வடிவத்திலேயே சீட்டு நோட்டு ஒன்று இருந்தது. ஒரு தாள் கிழிக்கப்பட்ட நோட்டு, ஆய்வாளரின் கையில். இப்போது அது செல்லத்தாயியின் கைக்கு வந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு படம். பால்காரருக்கு சைக்கிள், குயவர் வீட்டுப் பெண்ணுக்குப் பானை, விடாமல் இருமுகிற கிழவிக்கு ஒரு விசிறி. சத்தமாகப் பேசும் ஒருவனுக்குச் சேவல். அந்தச் சேவலை வரைந்துவிட்டு அவள் தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறாள், கொண்டை பெரிதாகப் போய்விட்டது என்று அழித்து மறுபடி வரைகிறாள். பணம் கட்டினால் படத்துக்குக் கீழே ஒரு கோடு. நாம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்கிறோம்.

ஆய்வாளர் நோட்டைப் பிரிக்கும்போது அவருக்கு அது குழந்தை கிறுக்கியதாகத் தெரிகிறது. பேத்தி வரைந்தது போலிருக்கிறது என்று ஒதுக்கிவைக்கிறார். வாசகருக்கு அது படிக்கத் தெரிந்த நோட்டு. எல்லாப் படமும் இருக்கிறது, சேவல் மட்டும் இல்லை என்பது அவருக்கு முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது. கொலையாளி யார் என்பதைத் துப்பறிந்து நாம் கண்டுபிடிப்பதில்லை, அவளைத் தெரிந்து வைத்திருந்ததால் தெரிந்துகொள்கிறோம். இந்த முதல் அத்தியாயத்தால் புதிர் சீக்கிரம் அவிழ்ந்துவிடுகிறதே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மைதான், அந்த அளவுக்குப் புதிரை இழக்கத்தான் வேண்டும். துக்கத்தையும் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை முடிச்சையும் இறுக்கமாக வைத்திருக்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் முடிச்சைக் குறைக்கலாம் என்பது என் தீர்மானம். ஆய்வாளர் எப்போது அந்த நோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வார் என்ற தவிப்பு மிச்சம் இருக்கிறதே, அதுவே நாவலை நடத்திச்செல்லும்.

கொலை நடக்கும் இடத்தை ஆசிரியை எழுதவில்லை. கிணற்றடியில் செல்லத்தாயி கால் கழுவுகிறாள், பின்னால் யாரோ வரும் சருகுச் சத்தம், தெரிந்த ஆளின் நடை என்று திரும்பாமலே பேசுகிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. அவள் பயத்தை நாம் பார்ப்பதில்லை. நான் அதை இன்னும் ஒரு பக்கம் நீட்டச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவளோடு அரிசி களைந்தவர்களுக்கு அந்தப் பக்கம் தேவைப்படாது.

அந்த அத்தியாயம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆசிரியை ஒரு காரியம் செய்தார். கொலைக்கதை என்று சொல்லாமல், கடைசிச் சருகுச் சத்தத்தையும் எடுத்துவிட்டு, தன் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அக்காவுக்கு அதை வாசித்துக்காட்டினார். பிறகு, இந்தப் பொம்பள நாளைக்கு என்ன செய்வாள் என்று கேட்டார். அந்த அக்கா விடாமல் சொன்னாராம். விடிகாலை இட்லி ஊற்றுவாள், மகள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், மூன்றாவது இட்லி வைக்கும்போது பேசிவிடுவாள், போகும்போது முருங்கைக்காய் கட்டிக் கொடுத்துவிடுவாள். கேட்கிறவர் வாயிலிருந்து ஒரு நாளைய தினம் இப்படித் தானாக வருமானால் அத்தியாயம் முடிந்தது. நல்லவள், பாவம் என்ற பதில் மட்டும் வந்தால் இன்னொரு முறை எழுத வேண்டும்.

இப்போது அந்த நாவலில் ஆய்வாளர் பத்தொன்பதாம் பக்கத்தில்தான் வருகிறார். செல்லத்தாயி காலையில் சாப்பிட்டது பழைய சோறும் இரண்டு சின்ன வெங்காயமும். நண்பரின் தாயாருக்கு அதைச் சொன்னபோது, “மோர் ஊத்திக்கிட்டாளா?” என்று கேட்டார். கொலைக்கதை எழுதப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. செத்தவரின் பெயரை உங்கள் கதையில் முதன்முதலாக உச்சரிப்பவர் ஏட்டாக இருக்க வேண்டாம். தெருவில் யாராவது, கொஞ்சம் உப்புக் கேட்டாவது, அவரை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.